மதுவும் காபியும்: உடல் உணர்வதில் எதிர்பார்ப்பின் பங்கு

காலையில் காபியின் முதல் மிடறு தொண்டையில் இறங்கியவுடனேயே தலைபாரம் விலகிவிட்டதாகப் பலர் கூறுவர். மாலையில் மதுவின் முதல் மிடறு உள்ளே சென்ற மறுகணமே உடல் தளர்ந்து மனம் இலேசாகிவிட்டது என்போரும் உண்டு. இவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவ்வாறு உணர்கிறார்கள். ஆயினும் அந்தக் கணத்து உணர்வுக்குக் காஃபீனோ ஆல்கஹாலோ காரணமாக இருக்க இயலாது. காஃபீன் குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் உச்ச அளவை எட்டுவதற்குப் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். மதுவும் இரத்தத்தில் உச்சத்தை அடைய ஏறத்தாழ அவ்வளவு நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது. பொருள் மூளையை அடைவதற்கு முன்பே அதன் பலனை உடல் உணர்ந்துவிடுகிறது என்றால், அந்த உணர்வைத் தருவது எது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் எழுப்பும் பல ஐயங்களுக்கு இக்கேள்வியின் விடையில் தெளிவு கிடைக்கிறது. குடியை நிறுத்தியவர் தவறி ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் வீணாகிவிட்டதா? குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர் ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்றால் அதை நம்பலாமா? கணவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கலாமா? இம்மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோல் தோன்றினாலும், குவளையில் இருக்கும் பொருளின் வேலை எவ்வளவு, அதைப் பற்றிய நம்பிக்கையின் வேலை எவ்வளவு என்ற ஒரே வினாவின் கிளைகளே ஆகும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. மது அருந்துகிற ஒவ்வொருவரும் தாம் மது அருந்துவதை அறிந்தே அருந்துகிறார். பொருளும் நம்பிக்கையும் எப்போதும் சேர்ந்தே உடலுக்குள் செல்கின்றன. புதிய மருந்துகளைச் சோதிக்கையில் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தையும், மற்றவர்க்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் மாவு மாத்திரையையும் தருவது வழக்கம். இந்த மாத்திரையை மருந்துப்போலி என்கிறோம். மதுவின் விளைவை ஆராய இது மட்டும் போதாது. ஆகவே நான்கு குழுக்கள் கொண்ட ஒரு முறை வகுக்கப்பட்டது. 1962-இல் ராஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தைக் கொண்டு இம்முறையை முன்வைத்தனர். முதற் குழுவினருக்கு மது என்று சொல்லி மதுவே தரப்படும். இரண்டாம் குழுவினருக்கு மது என்று சொல்லி மதுவற்ற பானம் தரப்படும். மூன்றாம் குழுவினருக்கு மதுவற்றது என்று சொல்லி மது தரப்படும். நான்காம் குழுவினருக்கு மதுவற்றது என்று சொல்லி அதுவே தரப்படும். பொருளின் வேலையை அறிய வேண்டுமாயின் மூன்றாம் குழுவையும் நான்காம் குழுவையும் ஒப்பிட வேண்டும். நம்பிக்கையின் வேலையை அறிய இரண்டாம் குழுவையும் நான்காம் குழுவையும் ஒப்பிட வேண்டும்.

இம்முறையை மதுவில் கையாண்டு பெரும் விவாதத்தைக் கிளப்பிய ஆய்வு, ஆலன் மார்லாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய இரு துணையாளர்களும் 1973-இல் வெளியிட்டதாகும். குடிநோய் உடைய 32 ஆண்களும், அளவோடு குடிக்கும் வழக்கமுடைய 32 ஆண்களும் அதில் பங்கேற்றனர். குடிநோயுடையோரில் குடியை நிறுத்திக்கொண்டிருந்த எவரையும் அவர்கள் சேர்க்கவில்லை. ஆய்வின் பெயரால் ஒருவர் மீண்டும் குடிக்கும்படி ஆகிவிடக்கூடாதல்லவா? பானமாக வோட்கா தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு நிறமில்லை, மணமும் குறைவு. ஒரு பங்கு வோட்காவுடன் ஐந்து பங்கு டானிக் வாட்டர் என்னும், குவினைன் கசப்புள்ள சோடாவைக் கலந்தபோது, அதில் மது உண்டா இல்லையா என்பதை நாக்கினால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

பங்கேற்றோரிடம் இது ஒரு சுவைச் சோதனை என்று சொல்லப்பட்டது. முன்னால் வைக்கப்பட்ட பானங்களை ஒப்பிட்டு அவற்றின் சுவையை மதிப்பிட வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துப் பார்க்கலாம். சுவை மதிப்பீடு ஆய்வாளர்களுக்கு முக்கியமன்று. குடங்களில் எவ்வளவு குறைந்தது என்பதையே அவர்கள் அளந்தனர்.

அக்காலத்தில் பலரும் நம்பியிருந்த கருத்து ஒன்று உண்டு. குடிநோய் உடையவரின் உடலில் ஒரு துளி மது சேர்ந்தாலே உடம்பின் வேதியியல் தூண்டப்பட்டு, அவரால் நிறுத்த இயலாத வேட்கை எழும் என்பதே அது. நம் ஊர்களிலும் ‘ஒரு வாய் உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்’ என்று சொல்லக் கேட்கிறோம். அது உண்மையாயின், மதுவற்றது என்று நம்பி உண்மையில் மது குடித்த மூன்றாம் குழுவினர் மிகுதியாகக் குடித்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மது என்று நம்பியவர்களே மிகுதியாகக் குடித்தனர். அவர்கள் குவளையில் மது இருந்தாலும் வெறும் சோடா இருந்தாலும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மதுவற்றது என்று நம்பிய குடிநோயாளிகள் குடித்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு அளவை, மது என்று நம்பிய குடிநோயாளிகள் குடித்திருந்தனர்.

இம்முடிவைத் தவறாகப் பொருள் கொள்ளல் எளிது. குடிநோயுடையவர் அளவோடு குடிக்கலாம் என்று இந்த ஆய்வு கூறவில்லை. வாழ்க்கையில் எவரும் அறியாமல் குடிப்பதில்லை. கடையில் வாங்கி அறிந்தே குடிக்கிறார். அங்கே பொருளும் நம்பிக்கையும் இரண்டும் உண்டு. மேலும் இச்சோதனை குறுகிய நேரத்தில், சிறிய அளவு மதுவைக் கொண்டு நடந்தது. போத்தல் கணக்கில் குடித்தால் உடல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும் இவ்வாய்விலிருந்து நோயாளிகளுக்குப் பயன்படும் ஒன்றை மார்லாட் பின்னாளில் விரித்துரைத்தார். பல மாதம் குடியை விட்டிருந்தவர் ஒருநாள் தவறி ஒரு குவளை குடிக்கிறார். அதன்பின் அவரை முழுக் குடிக்கு இழுத்துச் செல்வதில் அந்த ஒரு குவளையின் வேதியியலைவிட, ‘போச்சு, எல்லாம் போச்சு, இனி மறைக்க என்ன இருக்கிறது’ என்ற எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகையால் அத்தகைய நாளில் வீட்டார் சொல்லும் சொல் முக்கியமானது. ‘ஆறு மாசம் இருந்ததெல்லாம் வேஷமா?’ என்று கேட்பது, அவர் ஏற்கெனவே தமக்குள் சொல்லிக்கொண்டிருப்பதை உறுதிப்படுத்துவதாக முடியும். குடித்த அளவையும், எந்த இடத்தில், யாருடன் என்பதையும் கேட்டறிந்து, மறுநாளே எங்களிடம் அழைத்து வருவது மேல். அடுத்த சந்திப்பு தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் மது கலந்த இருமல் சிரப்பையோ கேக்கையோ உட்கொண்டுவிட்டதாக அஞ்சி வருவோரிடமும் அச்சம் கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறோம். ஆனால் பிற்பகுதியில் கூறப்போகும் ஒரு மாத்திரையை உட்கொள்வோருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

நம்பிக்கை எங்கெல்லாம் வேலை செய்கிறது, எங்கே அதன் கை எட்டுவதில்லை என்பதை அடுத்துக் காண்போம். 2003-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் அஸெஃபி, கேரி என்ற ஆய்வாளர்கள் 148 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். அனைவருக்கும் தரப்பட்டது வெறும் டானிக் வாட்டர்தான். பாதிப்பேரிடம் மட்டும் அது வோட்கா கலந்தது என்று சொல்லப்பட்டது. மதுக்கூடம்போல் அறையை அமைத்து, வோட்கா போத்தலிலிருந்தே ஊற்றிக் கொடுத்தனர். பின்னர் ஒரு நிகழ்ச்சியின் படங்களைக் காட்டி, அதைப் பற்றித் தவறான தகவல் கலந்த குறிப்பையும் படிக்கச் செய்தனர். வோட்கா குடித்ததாக நம்பியவர்கள் தவறான தகவலுக்கு மிகுதியாக இரையாயினர். தங்கள் நினைவு சரியே என்று மிகுந்த உறுதியோடும் இருந்தனர். ஒரு துளி மது இல்லாமலே நினைவு தடுமாறியது.

ஆனால் கையும் காலும் கண்ணும் இணைந்து செய்ய வேண்டிய வேலைகளுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. ஹல், பாண்ட் என்ற இருவர் அதுவரை வெளிவந்திருந்த நாற்குழு ஆய்வுகளைத் தொகுத்து 1986-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்கியது. எவ்வளவு குடிக்கிறார், காம உணர்வு எழுகிறதா என்பன போன்றவற்றில் நம்பிக்கையின் பங்கு மிகுதி. உடல் அசைவின் ஒத்திசைவு, நினைவில் பதிப்பது போன்றவற்றைக் கெடுப்பதோ பெரும்பாலும் மதுவே. மது இல்லை என்று நம்பிக் குடித்தாலும் கை தடுமாறத்தான் செய்யும்.

இது நம் பகுதிக்கு நேரடியாகப் பொருந்துகிற செய்தி. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும், பெரம்பலூரைக் கடக்கும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓடும் வண்டிகளும் நாம் அறிந்தவையே. விபத்துப் பிரிவுக்கு வருவோரில் சிலர், ‘குடிச்சேன், ஆனா மேல ரெண்டு கிளாஸ் ஸ்ட்ராங்கா காபி குடிச்சுத் தெளிஞ்சுட்டுத்தான் வண்டியை எடுத்தேன்’ என்கிறார்கள். பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இக்கூற்றைச் சோதித்ததுபோல் அமைந்துள்ளது. 26 ஆண்களுக்கு மதுவையும், மதுவுடன் காஃபீன் உள்ள ஊக்கபானத்தையும் வெவ்வேறு நாட்களில் தந்து பார்த்தனர். ஊக்கபானம் சேர்ந்த நாளில் தலைவலியும் சோர்வும் குறைந்ததாகவும், கைகால் தடுமாற்றம் குறைந்ததாகவும் அவர்கள் உணர்ந்தனர். அளந்து பார்த்தபோது, ஒத்திசைவோ எதிர்வினை வேகமோ மேம்படவில்லை. மூச்சிலிருந்த மதுவின் அளவும் குறையவில்லை. தெளிந்துவிட்டது என்ற உணர்வு மட்டுமே தெளிந்திருந்தது.

எனவே ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்பதை ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ள இயலாது. இரத்தத்திலிருந்து மதுவை அகற்றுவது கல்லீரல்தான். அதன் வேகத்தைக் காபியோ, மோரோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ கூட்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது. அந்த அளவு இருப்பவர் பலரும் தம்மைத் தெளிவாகவே இருப்பதாகக் கருதுவர்.

காபிக்கு வருவோம். இதில் நம்பிக்கையின் பங்கை நோயாளிகள் தமக்குச் சாதகமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். நாள்தோறும் காபி குடிப்பவர் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். ஓரிரு நாளில் உச்சமடைந்து, ஒரு வாரம் வரை நீடிக்கலாம். இது பழக்கத்தின் கற்பனையன்று. மெய்யான உடல் விளைவு. அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைக்கப்படுவோர்க்கு மறுநாள் வரும் தலைவலிக்கு இதுவும் ஒரு காரணமாவதுண்டு. ஆகவே நாளொன்றுக்கு எத்தனை தம்ளர் காபி அல்லது தேநீர் குடிப்பார் என்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் அனுமதியின்றி அன்று காலை எதையும் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் லூ மில்ஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் மூன்று கோப்பையோ அதற்கு மேலோ காபி குடிக்கும் 61 பேர் 24 மணி நேரம் காபியின்றி இருந்தபின் அழைக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குக் காஃபீன் நீக்கிய காபியைத் தந்து, காஃபீன் உள்ளது என்றனர். இன்னொரு குழுவினருக்கு அதே காபியைத் தந்து, காஃபீன் நீக்கப்பட்டது என்று உண்மையையே கூறினர். மூன்றாம் குழுவினருக்குத் தண்ணீர். பொய் சொல்லப்பட்ட குழுவினருக்குத் தொல்லை மிகுதியாகத் தணிந்தது. உண்மை சொல்லப்பட்ட குழுவினருக்கும், தண்ணீர் குடித்தவர்களைவிடத் தொல்லை தணிந்தது என்பதே வியப்பு. காஃபீன் இல்லை என்று தெரிந்தும் உடல் ஆறுதல் கொண்டது. பல ஆண்டுகளாக மணம், சூடு, கசப்பு, கையில் தம்ளரின் கனம் ஆகியவற்றைத் தொடர்ந்து காஃபீன் வந்திருக்கிறது. உடல் அவற்றையே கண்டு முன்கூட்டி இசைந்துகொள்கிறது என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இந்த ஆறுதல் சில மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படபடப்பு, உறக்கமின்மை, நெஞ்செரிச்சல் ஆகியவற்றுக்காகக் காபியைக் குறைக்கச் சொல்லும்போது, தம்ளரை விட்டுவிடச் சொல்வதில்லை. தம்ளருக்குள் இருப்பதை மாற்றச் சொல்கிறோம். சிக்கரியில் காஃபீன் இல்லை. கடைகளில் விற்கும் காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். பொட்டலத்தில் அளவு அச்சிடப்பட்டிருக்கும். கலப்பற்ற காபித்தூளுக்குப் பழகியவர் சிக்கரி மிகுந்த தூளுக்கு மாறி, பிறகு வாரம் ஒருமுறை டிகாஷனின் அளவையும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நேரமும், டவராவும், சூடும் பழையபடியே இருக்கட்டும். காபியை விட்டுத் தேநீருக்கு மாறிவிட்டதாகச் சொல்வோர், தேநீரிலும் காஃபீன் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதே வழியை மதுவில் வீட்டிலேயே செய்து பார்க்க எண்ணாதீர்கள். போத்தலில் நீர் கலந்து வைப்பதாலோ, ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவதாலோ, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவருக்கு உயிராபத்து நேரலாம். மது திடீரென நின்றால் ஆறு மணி நேரம் முதலே கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை காய்ச்சலும் குழப்பமும், இல்லாததைக் காண்பதும் கேட்பதுமான பித்தநிலை உண்டாகலாம். எந்த நம்பிக்கையும் இதைத் தடுக்காது, மருந்துகள் தேவை. எலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவர் மூன்றாம் நாள் இரவில் படுக்கையை விட்டு எழுந்து ஓட முயல்வதற்குப் பல வேளைகளில் இதுவே காரணமாகிறது. சேர்க்கும்போதே குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிட்டால் அதை முன்கூட்டியே தவிர்க்க இயலும்.

இனி அந்த மாத்திரை. ‘டாக்டர், அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கிற மாத்திரை இருக்காமே, எழுதித் தாங்க’ என்று மனைவியரும் தாய்மாரும் கேட்கிறார்கள். அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம். இதை உட்கொண்டவர் மது அருந்தினால், மது சிதையும் வழியில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உடலில் தேங்கும். முகம் சிவக்கும், தலை தெறிக்கும், வாந்தியும் படபடப்பும் வரும். இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே கேடு நேரலாம். தெரியாமல் கொடுப்பதை நாங்கள் மறுப்பதற்கு இந்த ஆபத்தும், ஒருவருக்கு அவரறியாமல் மருந்து தரலாகாது என்ற நெறியும் காரணங்கள். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. தெரியாமல் கொடுத்தால் அம்மருந்தின் பயனில் பெரும்பகுதி இல்லாமற் போகிறது.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 1986-இல் வெளியாயிற்று. ஒரு குழுவினருக்கு வழக்கமான 250 மில்லிகிராம் டைசல்ஃபிராம். இரண்டாம் குழுவினருக்கு வெறும் ஒரு மில்லிகிராம். அது எவ்விளைவும் தராத அளவு, ஆனால் உட்கொள்வோர் அதை அறியார். மூன்றாம் குழுவினருக்கு வைட்டமின் மட்டும் என்று சொல்லியே தரப்பட்டது. ஓராண்டு முழுதும் குடியாமல் இருந்தோர் விகிதத்தில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கண்டு மருந்தே பயனற்றது என்று சிலர் முடிவு செய்தனர். 2014-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது படம் தெளிவானது. உட்கொள்வது என்ன மருந்து என்பதை நோயாளி அறிந்திருந்த ஆய்வுகளில் டைசல்ஃபிராம் பயன் தந்தது. மறைத்து நடத்திய ஆய்வுகளில் தரவில்லை.

இதற்குக் காரணத்தை யூகிப்பது கடினமன்று. மறைப்பு ஆய்வில் இரு சாராருமே ‘எனக்கு உண்மையான மாத்திரை தரப்பட்டிருக்கலாம்’ என்று அஞ்சி மதுவைத் தவிர்க்கின்றனர். ஆகவே வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘இன்று காலை மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் தாங்காது’ என்ற அறிவுதான் மதுக்கடை வாசலில் ஒருவரை நிறுத்துகிறது. அவ்வறிவு இல்லாதவர் வழக்கம்போல் குடிப்பார். அவரை அடைவது ஆபத்து மட்டுமே. மும்பையில் டி சூசா மருத்துவர்கள் 100 ஆண்களைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஓராண்டு ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. எவருக்கு எம்மருந்து என்பது மறைக்கப்படவில்லை. குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து மாத்திரை உட்கொள்வதைக் கவனித்துக்கொண்டார். அங்கே டைசல்ஃபிராம் பெற்றவர்களில் 86 சதவீதத்தினரும், நால்ட்ரெக்ஸோன் என்ற வேறு மருந்தைப் பெற்றவர்களில் 44 சதவீதத்தினரும் மீண்டும் குடிக்குத் திரும்பாமல் இருந்தனர்.

ஆகையால் எங்களிடம் இம்மருந்து தொடங்கப்படுவது நோயாளி தாமே ஒப்புக்கொண்டபின், கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது கழிந்தபின், கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்தபின்புதான். காலையில் மனைவியோ தாயோ முன்னிலையில் அவரே எடுத்து விழுங்குவது நல்லது. மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை மதுவுடன் அது வினைபுரியும். மது கலந்த இருமல் சிரப்புகளையும், ஊறலில் தானே மது உண்டாகும் அரிஷ்டம், ஆசவம் ஆகியவற்றையும் அக்காலம் முழுதும் தவிர்க்க வேண்டும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காரணமற்ற வாந்தி தொடர்ந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வந்து பாருங்கள்.